அப்பாவின் காதுக்கு எட்டாத வசனம்

ஒலிக்கூடத்தில் அவளுக்கு மீட்டர் அக்கா என்றுதான் பேர். படங்களுக்கு ஒலிக்கலவை செய்வதில் இருபத்தாறு வருஷம் போயிருந்தது. “சத்தம் கொஞ்சம் தூக்கலா இருக்கோ?” என்று யாராவது இழுத்தால், திரையில் ஒலி மீட்டர் காட்டும் எண்ணை விரலால் சுட்டிக் காட்டுவாள். அதற்கு மேல் பேச்சில்லை.

அவளுடைய தம்பி அப்பாவோடு பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. தன் அச்சகத்தை எடுத்து நடத்தச் சொன்னார் அப்பா. இவன் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். இப்போது நாற்பது நிமிஷப் படம் ஒன்று எடுத்து வந்திருந்தான். ஓர் அச்சகம், ஒரு அப்பா, ஒரு மகன். படம் முழுக்க இயந்திரம் தடதடக்கும். கடைசிக் காட்சியில், ஓய்ந்துபோன இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மகன் முணுமுணுப்பான்: “உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும்ப்பா. தப்பு என்மேலதான்.” நேரில் சொல்ல வாய் வராதவன் படமாக எடுத்திருக்கிறான் என்பது அக்காவுக்குப் புரியாமல் இல்லை.

“அக்கா, இத எல்லாரும் டிவியிலயும் போன்லயும்தான் பாக்கப் போறாங்க. ஒரு தடவ போன்ல போட்டுக் கேட்டுடேன்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? போடா.”

கூடத்தின் பெரிய ஸ்பீக்கரில் அந்த முணுமுணுப்பு காதோரம் மூச்சு விடுவதுபோல் இருந்தது. இயந்திரம் நெஞ்சில் இடித்தது. அந்த ஏற்ற இறக்கத்தில் அவளுக்கு ஒரு பெருமை. தொலைக்காட்சி நிறுவனம் விதித்திருந்த சராசரி ஒலியளவு மைனஸ் இருபத்துமூன்று. முழுப் படத்தின் ஒலியையும் மொத்தமாக அந்த அளவுக்கு இறக்கி, கோப்பாக்கி அனுப்பினாள். எண் சரியாக இருந்ததால் அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சராசரியை நிரப்பியிருந்தது இயந்திரச் சத்தம். ரொம்பத் தாழ்ந்த பேச்சை மீட்டர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் ஒளிபரப்பானது. அவள் அப்பா வீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா கையில் ரிமோட். பேச்சு வந்தால் கூட்டினார்; இயந்திரம் ஓடினால் பதறிக் குறைத்தார். “பக்கத்து வீட்டுல கைக்குழந்தை தூங்குதும்மா” என்றார். நாலு தடவை கூட்டிக் குறைத்து அலுத்துப்போய், கடைசியில் குறைத்த மட்டிலேயே விட்டுவிட்டார். டிவியின் முதுகுப்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும் சின்ன ஸ்பீக்கரில், முணுமுணுப்பு மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டவில்லை. மகனின் உதடு மட்டும் அசைந்தது.

“என்னம்மா சொல்றான் அவன்?”

சொல்லியிருக்கலாம். இரண்டே வரி. அவளுக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. தன் கைவேலையின் ஓட்டையைத் தானே வாய்விட்டு அடைப்பதா? சரிசெய்து கொண்டுவந்தால் அவன் குரலிலேயே கேட்கட்டுமே என்றும் தோன்றியது.

“அடுத்த வாரம் நல்லா கேக்குற மாதிரி கொண்டாரேன்ப்பா. அப்ப கேளுங்க.”

“சரிம்மா. அவன் சாப்பிட்டானா, எப்படி இருக்கான்னு ஒரு போன் பண்ணிக் கேளு” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாளே உட்கார்ந்தாள். இந்த முறை பேச்சின் அளவை முதலில் நிலைப்படுத்தினாள். வசனத்தை மட்டும் தனியாக அளந்து சமன்படுத்தினாள். இயந்திரத்தைப் பேச்சுக்கு மேல் கொஞ்சமே எழும்ப விட்டாள். போனில் அடித்தொனி கேட்காது என்பதால், இடியை நம்பாமல் இயந்திரத்தின் கணகணப்பைக் கொஞ்சம் தூக்கினாள். பிறகு இரண்டு கோப்புகள்: டிவிக்குப் பழைய அளவிலேயே ஒன்று, போனுக்கு இன்னும் சத்தமாக, மைனஸ் பதினாறில் ஒன்று. உச்சம் எங்கேயும் பிசிறடிக்காமல் வரம்பு கட்டினாள். போன், மேசை ஸ்பீக்கர், வீட்டு டிவி என்று ஒவ்வொன்றிலும், ஒலியளவைத் தொடாமல் முழுப் படத்தையும் கேட்டாள். மூன்றிலும் அந்த இரண்டு வரி தெளிவாக விழுந்தது.

அதற்குள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் எடுத்துப்போவதாக இருந்தாள். கிளம்பும் முன்பே அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி கேட்டான். “அக்கா, படம் பாத்தாராமே. கடைசில நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சா?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. “கேக்கலடா. என்ன சொல்றான்னு எங்கிட்டதான் கேட்டாரு. நானும் சொல்லல.”

“நீயாவது சொல்லியிருக்கலாம்க்கா” என்றான். கோபமாகக்கூட இல்லை.

அவனுடைய அடுத்த படத்துக்கு வேறொருவர் ஒலி செய்கிறார். அதில் வருத்தம் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறாள். அவன் ஞாயிறுதோறும் வருகிறான், சாப்பிடுகிறான், ஊர்க்கதை எல்லாம் பேசுகிறான். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை.