பாக்கெட்டின் பின்பக்கம்

புத்தூரில் தையல் மிஷின் ஓட்டும் ஷோபாவுக்கு எட்டு மாதமாக ஒரே கவலை, மகள் நான்சியின் வாயில் கோதுமை படக்கூடாது. பட்டால் குழந்தையின் குடல் புண்ணாகிவிடும் என்று திருப்பதி டாக்டர் சொல்லியிருந்தார். சப்பாத்தி, பிஸ்கட், பரோட்டா எல்லாவற்றையும் வீட்டை விட்டே துரத்தினாள். அப்படியும் நான்சி துரும்பாய் இளைத்துக்கொண்டே போனாள்.

"என்னதாம்மா குடுக்கிறீங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் எலிசபெத்.

"சோறு, இட்லி மேடம். காலைல அரிசி சேமியா. வெள்ளையா இருக்குமே, அது. பாக்கெட்டை எடுத்துகினு வந்திருக்கேன்."

எலிசபெத் அதைத் திருப்பினார். "சேமியான்னுதான் போட்டிருக்கு. பின்னால என்ன சேர்த்திருக்காங்கன்னு பார்த்தீங்களா?"

"கோதுமைக்கான இங்கிலீஷ் வார்த்தை இருக்கான்னு எழுத்துக் கூட்டிப் பார்த்துட்டுதான் வாங்குவேன் மேடம். இதுல சூஜின்னு இருந்தது. அது ரவைதானே?"

"அந்த ரவையே கோதுமைதாம்மா. கீழ பொடி எழுத்துல, கோதுமையில இருக்கிற குளூட்டன் இதுல இருக்குன்னும் போட்டிருக்கான். அரிசி சேமியான்னா இங்க அரிசி மாவுன்னு இருக்கணும். கோதுமை, மைதா, ரவை எதுவும் இருக்கக்கூடாது. நிறத்தை நம்பாதீங்க."

ஷோபா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்மா, வயிறு வலிக்குது" என்று நான்சி அழுத காலைகளில் எல்லாம், "துன்னாதாண்டி ஒடம்பு தேறும்" என்று மடியில் அமுக்கி இதைத்தானே ஊட்டினாள்?

கையை நீட்டிப் பாக்கெட்டை எடுத்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த நான்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.