நூறு என்று அச்சாகிவிட்ட தொண்ணூற்றொன்பது எண்கள்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கோலாலம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் கணித ஆசிரியனாகச் சேர்ந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. தற்காலிக வேலை. பன்னிரண்டாம் மாதம் தலைமையாசிரியர் எழுதும் அறிக்கையில்தான் வேலை நிரந்தரமாகுமா என்பது தெரியும். கிள்ளானில் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா, வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்த பிறகே நாள் குறிப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அந்த மாதம் மேல்வகுப்புக்கான வினாத்தாளை நான் தயாரிக்க வேண்டியதாயிற்று. ஸ்டென்சில் என்ற மெழுகுத்தாளில் வெட்டி நாற்பத்திரண்டு படிகள் எடுத்தேன். பரீட்சை காலை எட்டு மணிக்கு. பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருந்த அறையிலிருந்து நடந்து ஏழு பதினைந்துக்கே போய்ச் சேர்ந்தேன். மூத்த கணித ஆசிரியர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வினாத்தாளையும் என் விடைக்குறிப்பையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் அவர். பேனாவைத் திறந்து வைத்திருந்தார், கையெழுத்துப் போடவில்லை.

"ஐசே, இங்க வாரும். ஏழாவது கேள்வியை வாசியும்."

வாசித்தேன். ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களையெல்லாம் பெருக்கி வரும் நூறின் ஃபாக்டோரியலோடு 2 முதல் 100 வரையுள்ள எண்களைத் தனித்தனியே கூட்டினால், அடுத்தடுத்து நூறு எண்கள் கிடைக்கும். அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் அல்ல என்று நிறுவுக.

"விடை சரிதானே, மாஸ்டர்? பெருக்கத்துக்குள்ளேயே இரண்டு இருக்கு, அதனால இரண்டைக் கூட்டினா இரண்டால வகுபடும். மூன்றைக் கூட்டினா மூன்றால. நூறு வரைக்கும் அப்படித்தான்."

"விடை சரி. ரெண்டில இருந்து நூறு வரைக்கும் எத்தனை எண் வரும்?"

நூறிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது.

"ஸ்டேஷன் படிக்கட்டையெல்லாம் எண்ணிக்கொண்டு ஏறுற ஆள். இதை எண்ணேல்லையோ?"

மணி ஏழு இருபது. புதிய ஸ்டென்சில் வெட்ட நேரமில்லை. ஏழே முக்காலுக்குத் தலைமையாசிரியர் தாள்களை எடுக்க வருவார். மூத்தவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. அந்த ரெண்டை ஒண்டாக்கிவிடும். சின்னக் கீறல். ஒருத்தருக்கும் தெரியாது."

ஒன்றைக் கூட்டினால் என் விடையின் வழி உதவாது. எல்லா எண்ணும் ஒன்றால் வகுபடும். அது எதையும் நிறுவாது. ஆனால் அவர் மனத்தில் இருந்தது வேறு வழி. ஒரு பகா எண்ணுக்கு முந்திய எண்ணின் ஃபாக்டோரியலோடு ஒன்றைக் கூட்டினால், அந்தப் பகா எண்ணால் வகுபடும் என்ற பழைய தேற்றம். நான்கின் ஃபாக்டோரியல் இருபத்துநான்கு. ஒன்றைக் கூட்டினால் இருபத்தைந்து, ஐந்தால் வகுபடுகிறது. 101 பகா எண். ஆகவே நூறின் ஃபாக்டோரியலோடு ஒன்றைக் கூட்டினால் 101ஆல் வகுபடும். ஒன்று முதல் நூறு வரை, சரியாக நூறு எண்கள். என் தவறு மறைந்துவிடும். நான் கெட்டிக்காரன் என்றும் பெயர் வரும்.

பேனாவை மைக்கூட்டில் தொட்டேன். முதல் தாளின் இரண்டுக்கு மேல் முனை நின்றது.

"மாஸ்டர், இந்தத் தேற்றத்தை நாம வகுப்பில சொல்லித் தரலையே?"

"இல்லை."

"அப்ப பையன்க?"

"அந்த ஒரு எண்ணில திணறுவாங்கள். உமக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

வேண்டும்தான். பேனா முனையிலிருந்து தாளில் ஒரு சொட்டு மை விழுந்தது. அந்த முதல் எண்ணிலேயே முட்டி மோதி அரை மணி நேரத்தைத் தொலைக்கப்போகிறவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். இரண்டை விட்டுவிட்டு, 'நூறு எண்கள்' என்பதிலுள்ள நூறை அடித்து மேலே 'தொண்ணூற்றொன்பது' என்று எழுதினேன். அடித்தது நன்றாகவே தெரிந்தது.

"விசர்" என்று தம் ஊர்ப் பேச்சில் என்னைப் பைத்தியம் என்றார் மூத்தவர். பிறகு, "பாதியைத் தாரும்" என்று இருபத்தொரு தாள்களை இழுத்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் வந்தபோது இன்னும் ஆறு தாள்கள் மிச்சமிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாருடைய தவறு என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னுடையது, எண்ணுவதில் பிசகிவிட்டேன் என்றேன். அவர், நாங்கள் மிச்ச ஆறையும் முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

முப்பத்தொரு பேர் அந்தக் கேள்வியைச் சரியாகச் செய்திருந்தார்கள். எனக்கு வந்த கடிதத்தில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல். தற்காலிகக் காலம் மேலும் ஆறு மாதம்.

சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். நடந்ததை ஒளிக்காமல் பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன்.

"ஒண்ணு குறைஞ்சதுக்கா ஆறு மாசம்?" என்றார் அவர்.

"ஆமாங்க."

"கீறிவிட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க?"

கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு உள்ளே திரும்பி, நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார்.