மேலே பேச்சி, கீழே குழந்தை

பேச்சியை எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பேச்சி சேச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதே நர்ஸ்களுக்குச் சிரிப்பு வரும். "பாட்டு மாதிரி இருக்குல்லா, இருந்துட்டுப் போட்டும்" என்பாள் அவள். பணகுடிப் பக்கத்துக்காரி. கணவன் தளவாய் கொத்து வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தபோது கூடவே வந்தவள். பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருஷமாகத் துடைப்பது, துணி மாற்றுவது, நர்ஸ் கேட்டதை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். அத்தனை வருஷமும் ஒப்பந்த வேலை.

அந்தப் பிரிவில் குழந்தைகளுக்குப் பெயர் கிடையாது. மணிக்கட்டுப் பட்டையில் 'அனுஷாவின் குழந்தை' என்று தாயின் பெயர்தான் இருக்கும். பேச்சிக்கு அது பிடிக்காது. தாய் எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிடுவாள். "விதுரா இன்னைக்கு நல்லா பால் குடிச்சான் மேடம்" என்று என்னிடம் வந்து சொல்வாள், ஏதோ விதுரா போர்டு மாட்டிய பஸ்ஸே பால் குடித்த மாதிரி. மலைமேல் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் குழந்தைக்குப் பொன்முடி என்று பெயர்.

நான் சீதாலக்ஷ்மி, அதே ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் லேபில் டெக்னீஷியன். திருவனந்தபுரத்தின் பழைய கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், பொறுமை கொஞ்சம் குறைவு. இந்தக் கதையில் பெரிய தப்பைச் செய்தது அந்த வாய்தான்.

போன மே மாதம் மூன்று வாரத்துக்குள் ஐந்து குழந்தைகளின் ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. அநேகமாக எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. நான்காவதாக வந்தது பொன்முடி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது இறந்துபோனது. அன்றைக்கே, அந்த நிமிஷமே, வேலையில் இருந்த பதினான்கு பேரின் கைகளிலிருந்தும் மாதிரி எடுத்தோம். பதிமூன்று பேர் கையில் அந்தக் கிருமி இல்லை. பேச்சியின் கையில் வளர்ந்தது.

எங்கள் ஊரில் செய்திக்குக் கால் முளைக்க ஒரு டீ நேரம் போதும். 'பேச்சி சேச்சி'யை யாரும் கூப்பிடுவதில்லை என்றானது. வார்டுக்குள் வரக்கூடாது என்று நிர்வாக அதிகாரி ராமசுப்ரமணியன் சொல்லிவிட்டார். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று ஒரு கடிதமும் தயாரானது. அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் பேச்சி. உன் கையில் எப்படி வந்தது என்று கேட்டால் கையை மடித்து மறைத்துக்கொள்வாள். தினமும் எட்டு மணிக்கு வந்து எங்கள் லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், நாலு மணிக்குப் போவாள். அந்த வாயாடி ஒன்பது நாள் பேசாமல் இருந்தாள். ஒருவேளை உண்மையாகவே இவள்தானோ என்று எனக்கும் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்.

அந்த ஒன்பது நாளும் நாங்கள் ஜீனோம் சீக்வென்சிங் முடிவுக்காகக் காத்திருந்தோம். ஒரு கிளெப்சியெல்லாவின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய ஐம்பத்து மூன்று லட்சம் எழுத்துகள் இருக்கும். அது பெருகப் பெருக எப்போதாவது ஒரு எழுத்து மாறும். அந்த மாற்றம் அதன் வாரிசுகளுக்கும் போகும். எந்தெந்த மாதிரிக்கு எந்தெந்த மாற்றம் பொது என்று பார்த்து அவற்றின் உறவை ஒரு மரமாக வரைந்து அனுப்புவார்கள். குழந்தைகளின் ஐந்து மாதிரியும் பேச்சியின் கை மாதிரியும் போயின. கூடவே வார்டில் இருக்கும் கை கழுவும் சிங்க்கின் வடிகுழாயிலிருந்து இரண்டு. ஒன்று மே மாதம் எடுத்தது. இன்னொன்று பிப்ரவரியில், இந்தக் குழந்தைகள் ஒன்றுகூடப் பிறக்காத காலத்தில் எடுத்தது.

அந்தப் பிப்ரவரி மாதிரியே பேச்சியால் வந்ததுதான். "மேடம், அந்த சிங்க்ல தண்ணி இறங்காம மேல கேறி வருது, ஒரு மாதிரி வாடை" என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தாள். தொல்லை தாங்காமல் போய் மாதிரி எடுத்தேன். வளர்ந்தது. சிங்க்கில் கிளெப்சியெல்லா இருக்கிறது என்று அறிக்கை எழுதினேன். யாரோ வந்து பிளீச்சிங் ஊற்றிவிட்டுப் போனார்கள், ஃபைல் மூடப்பட்டது. நான் அந்தக் கிருமியில் கொஞ்சத்தை உறைபெட்டியில் போட்டு வைத்தேன். எதையும் தூக்கிப் போட மனம் வராது எனக்கு.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு மரம் மெயிலில் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பேச்சியை விசாரிக்கும் கமிட்டி கூடுகிறது. படத்தைத் திறந்தேன். இடது பக்கம் வேர், வலது பக்கம் நுனிகளில் மாதிரிகளின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே பேச்சி. அவளுக்கு நேர் கீழே நான்காவது குழந்தை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ராமசுப்ரமணியன்.

"சீதா, வந்துடுத்தா? என்ன போட்டிருக்கா?"

"வந்துடுத்து மாமா. பேச்சியோடது மேல இருக்கு, பொன்முடிக் குழந்தை அதுக்குக் கீழ..."

"போறும்" என்றார். "லெட்டரை நான் எடுத்துண்டு வரேன். இனிமே கையெழுத்துப் போடாம என்ன பண்றா பார்க்கலாம்."

போனை வைத்துவிட்டார். அவர் எங்கள் தெருக்காரர். அவர் வீட்டுக் கூடத்தில் ஏழு தலைமுறை வம்சாவளி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. மேலே கொள்ளுத் தாத்தா, கீழே பிள்ளைகள், அதற்கும் கீழே பேரன்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. மேலே இருப்பவர் பெற்றவர், கீழே இருப்பவர் பிறந்தவர். அவருக்கு நான் சொன்ன 'மேலே'யும் 'கீழே'யும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. சொன்ன எனக்கே அப்படித்தானே பட்டது!

போனை எடுத்து, மரத்தை வரைந்த அபிஜித்தைக் கூப்பிட்டேன். மலையாளிப் பையன், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவான். சின்ன வயசுதான், ஆனால் என்னைவிடப் பொறுமைசாலி.

"சேச்சி, மேலே கீழேன்னு ஒண்ணும் இல்ல கேட்டோ" என்றான். "பேரு எந்த வரிசையில வரணும்னு சாஃப்ட்வேரா போடறது. ஒவ்வொரு கணுவிலயும் கிளையைத் தலைகீழாத் திருப்பலாம், மரம் அதேதான். குறுக்கே போற கோட்டோட நீளம் மாத்திரம் நோக்குங்க."

கொடியில் கிடக்கும் ஹேங்கரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினால் என்ன, தொங்குவது அதே சட்டை. இத்தனை வருஷ லேப் அனுபவத்தில் இது எனக்குத் தெரியாமல் இல்லை. பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

அவன் சொல்லச் சொல்ல ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். வேருக்குப் பக்கத்தில் பிப்ரவரி சிங்க். அதிலிருந்து ஒரே எழுத்து தள்ளி முதல் மூன்று குழந்தைகளும் மே மாத சிங்க்கும். ஐந்தாவது குழந்தை அங்கிருந்து தனியாக இன்னொரு கிளை. பேச்சியும் பொன்முடியும் வேறொரு கிளையில், இருவருக்கும் பொதுவாக இரண்டு மாற்றங்கள். அந்த இரண்டும் மற்ற யாரிடமும் இல்லை.

"பேச்சி சேச்சி தொடங்கி வெச்சதுன்னா முதல் மூணு குழந்தைகளிலும் அந்த ரெண்டு மாற்றமும் இருக்கணும்" என்றான் அபிஜித். "அது திரும்பிப் பழையபடி ஆறது அநேகமா நடக்காது. அவங்க கையிலேந்து ஒரு காலனி, தட்டில வளர்ந்த ஒரே ஒரு கிருமிப் புள்ளி, அதைத்தான் படிச்சோம், அதையும் சொல்லிடணும். ஆனா குழந்தைங்க பிறக்கறதுக்கு முன்னாடியே சிங்க்கில இருந்திருக்கு, அதுதான் காரியம்."

"அப்போ பேச்சிக்கும் பொன்முடிக்கும்? யாரு யாருக்குக் குடுத்தா?"

"ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல சேச்சி. அதை மரம் சொல்லாது. மனுஷங்கதான் பறயணும்."

மணி பதினொன்று முப்பத்தைந்து. மொத்த நோய்ப்பரவலுக்கும் அவள் காரணமில்லை என்று என்னால் காட்ட முடியும். ஆனால் செத்தது பொன்முடி. அந்த ஒரு குழந்தைக்கு அவள்தான் கொடுத்தாள் என்று ராமசுப்ரமணியன் பிடித்துக்கொண்டால் இந்த மரம் உதவாது. கதவைத் திறந்து பெஞ்சுக்குப் போனேன்.

"பேச்சிக்கா, அந்தக் குழந்தையோட கிருமியும் உங்க கையில இருந்ததும் ஒண்ணு, அட்சரம் பிசகாம ஒண்ணு. அன்னிக்கு என்ன நடந்தது? இப்பவாவது வாயத் திறங்கோ. இன்னும் அரை மணிகூட இல்ல."

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அதுக்கு முந்தி மூணு நாளா நான் லீவு மேடம். லீவு போடும்போது பொன்முடிக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருந்துது. தளவாய்க்குக் காய்ச்சல். செவ்வாக்கிழமை காலைலதான் வேலைக்குக் கேறுனேன். அப்பவே பொன்முடி போயிட்டுது. துணி சுத்தச் சொன்னாங்க. அது பொறந்ததுலேருந்து கிளவுஸ் போட்ட கையாத்தான் எல்லாரும் தொட்டாங்க. அவ அம்மாகூட கிளவுஸ் போட்டுத்தான் தொட்டா. அதான் நான் கிளவுஸக் கழத்திட்டேன். ஒரு தடவையாவது வெறுங்கை படட்டும்னு. துடைச்சேன், சுத்துனேன். கை கழுவப் போறதுக்குள்ள நீங்க மாதிரி எடுக்க வந்துட்டீக."

நான்தான் அவள் கையை நீட்டச் சொன்னேன். அது எனக்கு ஞாபகம் வந்தது.

"இதைச் சொல்றதுக்கு என்ன?"

"கிளவுஸ் இல்லாமத் தொடப்புடாதுன்னு சட்டம் இருக்குல்லா. சொன்னா வேலை போவும். சொல்லாட்டியும் போவும். எப்படியும் போறதுன்னா, அந்தப் புள்ளை மேல கை வச்சதை எதுக்கு நாலு பேர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தை எடுத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனேன், அவளையும் இழுத்துக்கொண்டு. மரத்தைப் பெரிய திரையில் போட்டு, பேச்சியும் பொன்முடியும் இருந்த கிளையைத் திருப்பினேன். குழந்தை மேலே வந்தது, பேச்சி கீழே போனாள். "இப்போ குழந்தை அவளைப் பெத்துடுத்தா மாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிங்க், பிப்ரவரி அறிக்கை, அதை ஊற்றி மூடிய பிளீச்சிங், பேச்சியின் லீவுப் பதிவேடு, எல்லாவற்றையும் வைத்தேன். கையுறை விஷயத்தைப் பேச்சியே சொன்னாள்.

அன்று மாலையே சிங்க்கைக் கழற்றினார்கள். வளைவுக் குழாய்க்குள் விரல் கனத்துக்கு வழவழவென்று படிந்திருந்தது. அதற்குப் பிறகு புதிதாக எந்தக் குழந்தைக்கும் வரவில்லை. மற்ற நாலு குழந்தைகளும் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின. விதுரா கடைசியாகப் போனான்.

விலகல் கடிதம் கிழிக்கப்பட்டது. ஆனால் சட்டம் சட்டம்தானே, வெறுங்கையால் தொட்டதற்கு ஒரு மெமோ வந்தது. அதைப் பேச்சி என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். 'இறந்த குழந்தையின் உடலைக் கையுறை இன்றித் தொட்டதை ஒப்புக்கொள்கிறேன்' என்று வாசித்தேன். வேண்டுமானால் எதிர்த்து எழுதலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் மேடம்" என்று கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டாள். "இதுல நான் ஒப்பு போடுதேன். இது நான் செஞ்சதுதானே."