மச்சம் மட்டும் மாறக்கூடாது

ஆசிஃப் பாயிடம் ஒரு முகத்தைக் கொடுத்தால் போதும், உடம்பை அவர் பார்த்துக்கொள்வார். மேற்கு மாம்பலத்தில் அவருடைய ஸ்டூடியோவும் என் ஃபிரேம் கடையும் பதினெட்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்துக் கடைகள். அவர் ஒட்டுகிற தலைகளுக்கெல்லாம் சட்டம் போடுகிறவன் நான்தான், கபாலி. ஒருமுறை ஒரு வட்டச் செயலாளரின் முகத்தைப் பழைய கருங்கல் சிலையின் போட்டோவில் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினார். உளி பட்ட சொரசொரப்பும் மழை வழிந்த கறையும் அந்த ஆளின் கன்னத்தில் அப்படியே வந்திருந்தன. நேரில்கூட அவர் அவ்வளவு கனமானவராகத் தெரிந்ததில்லை.

பாயின் கடைக்குச் சொந்தக்காரர் மயிலாப்பூர் அச்யுதன் சார், ரிடையர் ஆன பெரிய அதிகாரி. குத்தகை முடிந்துவிட்டது. சாரின் மகன் அந்த இடத்தை ஒரு செல்போன் கம்பெனிக்குக் கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தான். பாய்க்கு வேறு போக்கிடம் கிடையாது. எங்கள் சந்திலிருந்து போய்விட்டால் அவரைத் தேடி எந்தத் தலையும் வராது. இந்த நேரம் பார்த்து சாருக்கு எண்பது வயது பூர்த்தியாகி, சதாபிஷேகம் வந்தது. மண்டப வாசலில் தன்னுடைய ஆளுயர எண்ணெய்ச்சித்திரம் நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஓவியரிடம் மூன்று மாதம் உட்கார்ந்து வரையவைத்தது என்று ஊருக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லியும் வைத்துவிட்டார். "படம் நன்னா வரட்டும், கடை ஒனக்குத்தான்" என்று பாயிடம் சொன்னார்.

உடம்பைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். ஆழ்வார்பேட்டையில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது பாய் போட்டோ எடுத்து வைத்திருந்த ஓவியம் அது. யாரோ ஒரு ஜமீன்தார் மாதிரி ஆள், வெற்று மார்பு, பூணூல், ஜரிகை அங்கவஸ்திரம், மலை மாதிரி தோள். சார் இருக்கிற இருப்புக்கு அந்தத் தோளில் பாதி இருந்தால் பெரிது. முகத்துக்கு அவர் கொடுத்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிடையர்மென்ட் அன்று எடுத்த படம். வேறு படமே வேண்டாம், இப்போது எடுத்தால் கன்னம் தொங்குகிறது என்றார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. ஓவியத்தில் ஆள் ஒரு பக்கம் திரும்பியிருந்தார், வெளிச்சமும் அந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது. சாரின் போட்டோவில் முகம் எதிர்ப்பக்கம், வெளிச்சமும் எதிர்ப்பக்கம். அப்படியே ஒட்டினால் கழுத்துக்கு ஒரு சூரியன், மூக்குக்கு ஒரு சூரியன் என்று ஆகிவிடும். ஒன்றைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பித்தான் ஆக வேண்டும். பாய் முகத்தைத் திருப்பிக் காட்டினார். சாருக்கு உயிரே போய்விட்டது. வலது கன்னத்து மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. அந்த மச்சத்தால்தான் தனக்கு அத்தனை ப்ரமோஷன் வந்தது, அது மட்டும் மாறக்கூடாது என்று ஒரே பிடிவாதம். சரி என்று பாய் முகத்தை விட்டுவிட்டு ஓவியத்தைத் திருப்பினார்.

பட்டனைத் தட்டினால் முகம் மாறிவிடும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படித் தட்டி வருகிற முகம் ரேஷன் கார்டில் ஒட்டினதுபோலத்தான் இருக்கும். பாய் முதலில் தோலின் துவாரம், மயிர்க்கால் எல்லாவற்றையும் மழுக்கினார். எந்தத் தூரிகையும் அவ்வளவு நுணுக்கம் காட்டாது. பிறகு ஓவியத்தின் கழுத்திலிருந்தே வண்ணம் எடுத்தார். போட்டோவில் நிழல் கறுப்பு, ஓவியத்தில் அது பச்சை கலந்த பழுப்பு. நெற்றியில் குறுக்காக, கன்னத்தில் வளைவாக, தாடையில் இறக்கமாக, அந்தப் பழைய ஓவியன் மார்பில் தீற்றியிருந்த அகலத்திலேயே கோடு கோடாக இழுத்தார். வார்னிஷின் மஞ்சளை மேலே படரவிட்டார். கடைசியில் பழைய முகத்தின் வெடிப்புகளையும் துணியின் இழைகளையும் மட்டும் தனியே பிரித்தெடுத்துப் புது முகத்தின்மேல் விரித்தார். பின்னணியில் புறப்பட்ட ஒரு வெடிப்பு காதைத் தாண்டிக் கன்னத்தில் ஓடிக் கழுத்தில் இறங்கியது, எங்கேயும் அறுபடவில்லை. கேன்வாஸில் பிரிண்ட் போட்டதும், அவர் மனைவி மஹ்விஷ் அந்தக் கோடுகளின் போக்கிலேயே கெட்டி ஜெல்லைத் தூரிகையால் தீற்றினாள். தடவிப் பார்த்தால் விரலுக்கு மேடு பள்ளம் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரிண்டுக்கு முன்னால் வாடிக்கையாளர் ப்ரூஃப் என்கிற மாதிரித் தாளில் கையெழுத்துப் போடுவது பாய் கடை வழக்கம். சார் திரையில் தன் முகத்தைப் பெரிதாக்கச் சொன்னார், இன்னும் பெரிதாக்கச் சொன்னார். கழுத்துக்குக் கீழே அவர் கண் இறங்கவே இல்லை. 'மச்சம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மயிலாப்பூர் மண்டபத்தில் பட்டுத்துணியை விலக்கியதும் முந்நூறு பேரும் வாயைப் பிளந்தார்கள். இந்தத் தீற்றலைப் பார், இந்தக் காலத்தில் இப்படி யார் வரைகிறார்கள் என்று ஆளாளுக்குப் பேச்சு. பாயும் நானும் தூணோரம் நின்று பூரித்துப்போனோம். அப்போதுதான் சாஸ்திரிகள் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"படத்துல மாமா யாருக்குத் தெவசம் பண்ணிண்டிருக்கார்?"

பூணூல் எப்போதும் இடது தோளில்தான் கிடக்க வேண்டுமாம். அதை வலது தோளுக்கு மாற்றுவது செத்துப்போன முன்னோருக்குச் செய்கிற காரியத்தில் மட்டுமாம். பாய்க்குப் பூணூல் கிடையாது, எனக்கும் கிடையாது. எங்களுக்கு எங்கே தெரியும்? எழுபது வருஷத்துக்கு மேலாகப் போட்டிருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓவியத்தைத் திருப்பியபோது அதுவும் சேர்ந்து திரும்பியிருந்தது.

கூட்டம் சாரின் முகத்தைப் பார்த்தது. திருப்பினது என்று சொன்னால் ஒட்டினது என்று சொன்னதாகிவிடும். அப்பாவின் திதியன்றுதான் கடைசி சிட்டிங், அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டேன் என்றார் சார். ஜரிகை அங்கவஸ்திரத்தோடா, விரல் நிறைய மோதிரத்தோடா என்று சாஸ்திரிகள் விடாமல் கேட்டார். சார் சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கார் எங்கள் சந்தில் நின்றது. சாரும் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி மாமியும் இறங்கினார்கள். இந்த வாரமே கடையைக் காலி பண்ணு, படத்தை வேறு நல்ல ஆளிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்கிறேன் என்று சார் கத்தினார். பாய் தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு நிஜமாகவே உதவுகிற எண்ணத்தில் ஒன்று கேட்டார்.

"சரி சார். அப்ப ஃபைலை அவருக்கே அனுப்பிடட்டா? எல்லாம் தனித்தனியாத்தான் கீது. உங்க மூஞ்சி ஒரு லேயரு, அந்த ஜமீன்தாரு உடம்பு ஒரு லேயரு. அவரு தொறந்தாலே புரிஞ்சிக்குவாரு."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி திரும்பினாள்.

"அம்பத்தஞ்சு வருஷமா நான் பாக்காத தோளா? அந்தப் படத்துல இவரோடது மச்சம் ஒண்ணுதான்" என்றாள். சாரின் பக்கம் குனிந்தாள். "கடை இங்கேயே இருக்கட்டும். விஷயம் தெரிஞ்சவா நம்ம எடத்துலயே இருக்கறதுதான் நமக்கு நல்லது."

பாய் வலது தோளில் இருந்த நூலை அழித்து, அந்த இடத்தில் தோலைத் தீற்றி வெடிப்பை இணைத்தார். இடது தோளில் புது நூலை இழுத்தார், வெளிச்சம் படுகிற இடத்தில் வெண்ணெய் நிறம், நிழலில் பழுப்பு. பத்து நாள் ஆயிற்று. இந்தத் தடவை சார் ப்ரூஃபை அரை மணி நேரம் பார்த்தார். தோள், நூல், கை, மோதிரம், நாற்காலியின் கால் வரைக்கும் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். முகத்தைப் பார்க்க மறந்துபோனார். ப்ரூஃபில் ஒரு கையெழுத்தும் குத்தகைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.