பதினான்கு முறையும் 4.6

என் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் நாற்பது பேருக்கு முன்னால் சொன்னவனை நான் மன்னிக்கவில்லை. கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

அவன் சொசைட்டியில் பாலைச் சோதிக்கும் டெஸ்டர். நான் அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் தேதிக் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். விடியலில் மாட்டைக் கறந்து, பாலை ஊற்றிவிட்டு, கம்பெனிகளுக்கு ஆளேற்றிப் போகும் வேனைப் பிடிக்க வேண்டும். அன்று கரண்ட் இல்லாமல், பாலில் ஃபேட், அதாவது கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கும் மெஷின் ஓடவில்லை. முக்கால் மணி நேரம் என் தூக்குவாளி வரிசையில் அசையாமல் கிடந்தது. கரண்ட் வந்ததும் அவன் பாலைக் கலக்காமலேயே அடியிலிருந்து மொண்டு மெஷினில் வைத்தான். ஃபேட் 2.8.

“தண்ணிய ஊத்திட்டு நிக்கிற நெலையப் பாருங்க!” என்று வரிசையைப் பார்த்துக் கத்தினான். “அண்ணே, ஒரு சொட்டுகூட ஊத்தலண்ணே, இன்னொரு தடவ பாருங்கண்ணே” என்று கெஞ்சினேன். பாலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டான்.

மறுநாளே வேனில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணிப்பால்காரி. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆறு வருடம் அந்தப் பெயரோடுதான் வேன் ஏறினேன்.

பிறகு சொசைட்டியின் கிளார்க் ஓய்வுபெற்றார். தலைவர் வீடு தேடி வந்தார். “கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு இங்கன நீங்கதான். வாரப் பட்டியல் போட வாரீகளா?” அவர் உட்காருவதற்குள் சரி என்றேன்.

ஒருவருக்கு வாரத்துக்குப் பதினான்கு வரிகள் வரும். ஏழு காலை, ஏழு மாலை. ஒவ்வொன்றிலும் லிட்டர், ஃபேட், டிகிரி. ஃபேட் கூடினால் பாலுக்கு விலையும் கூடும். ஃபேட்டைச் சும்மா கூட்டிப் பதினாலால் வகுத்தால் தப்பாகிவிடும். ஒவ்வொரு வேளை ஃபேட்டையும் அந்த வேளைப் பாலின் அளவால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பாலால் வகுக்க வேண்டும். கட்டம் போட்டே பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை.

வந்த முதல் வாரமே பீரோவில் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். என் வரி அப்படியே இருந்தது. ஃபேட் 2.8, டிகிரி 30, எதிரில் ‘தண்ணீர் கலப்பு’. லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பதுதான் டிகிரி. நல்ல பாலுக்கு முப்பதை ஒட்டி வரும், தண்ணீர் சேர்ந்தால் இறங்கும். என்னுடையது இறங்கவேயில்லை. ஆடை மேலே தங்கியதால்தான் ஃபேட் குறைந்தது. தினமும் டிகிரி எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும்.

அவனுடைய பால் அவன் மனைவி பெயரில் வரும். அந்த வரிகளைப் பார்த்தேன். பதினான்கு முறையும் ஃபேட் 4.6. முந்தைய வாரமும் அதேதான். எந்த மாட்டுக்கும் காலைப் பாலும் மாலைப் பாலும் ஒன்றாக இருக்காது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு பால் பாதியான வாரத்திலும் 4.6. அது மெஷின் காட்டியதல்ல, பேனா எழுதியது.

தலைவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது போதாது. எனக்கு அந்த நாற்பது பேரும் வேண்டும். அதுவரை வாசல் போர்டில் மொத்த லிட்டரும் சராசரியும் தொகையும் மட்டும்தான் ஒட்டுவார்கள். நான் எல்லாருடைய பதினான்கு ஃபேட்டையும் அச்சடித்து ஒட்டிவிட்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஏலே, இது மாடா மெஷினா? எம்மாடு ஒருநா மாதிரி ஒருநா கறக்கல!” என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்புறம் கேட்கவா வேண்டும்.

மறுநாள் காலையில் தலைவரே பக்கத்தில் நின்று, அவன் வீட்டுப் பாலை நன்றாகக் கலக்கவைத்துப் பார்த்தார். 3.5. மாலையில் 3.9. டெஸ்டர் வேலை அன்றோடு போயிற்று.

இரண்டு நாள் கழித்து, காலை வரிசை நிற்கும் நேரத்தில் என் மேஜைக்கு வந்தான். “தாயி, அந்தத் தாள மட்டும் கிழிச்சிருங்க. ஊருக்குள்ள தலகாட்ட முடியல.”

பழைய ரிஜிஸ்டரை விரித்து என் வரியில் விரலை வைத்தேன். “இத எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்கண்ணே.”

வாசித்தான். “ஃபேட் ரெண்டு புள்ளி எட்டு. டிகிரி முப்பது.” அதோடு நிறுத்தினான்.

“முப்பது டிகிரின்னா தண்ணி இருக்காண்ணே?”

வரிசையில் நின்றவர்கள் வாளிகளை வைத்துவிட்டு மேஜைப் பக்கம் நெருங்கினார்கள்.

“இல்ல,” என்றான்.

“கேக்கல.”

“தண்ணி இல்ல தாயி. அன்னைக்கும் இல்ல.”

ஆறு வருடத்தில் முதல் முறையாக எனக்கு மூச்சு முழுசாக வந்தது. ரிஜிஸ்டரை மூடினேன். அவன் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அடுத்த ஆள் வாங்க” என்றேன். தாள் மழையில் ஊறித் தானாக விழும்வரை போர்டிலேயே இருந்தது.