'மோர்' அமுக்கினால் தெரியும் வரிகள்

அந்த வருடம் எங்கள் திருமண நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் புனேயில், வானவடியில் ஒரு சின்ன ஃபிளாட்டில். அவர் கோயம்புத்தூரில். என்னை வங்கி இங்கே மாற்றிவிட்டது. அவரால் கல்லூரி வேலையை விட முடியவில்லை. ஒரு வருடம்தான் என்று சொல்லிக்கொண்டோம். நான் கேட்ட இடமாற்றம் ஒவ்வொரு முறையும் தட்டிப்போனது.

காலையில் இன்ஸ்டாகிராமில் போடப் படம் தேடினேன். சேர்ந்து நிற்கிற படங்களெல்லாம் பழசு. கடைசியில் ஒரு வீடியோ கால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டேன். திரை முழுக்க அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நான்.

"தூரம் எங்கள் அன்பைக் கூட்டியது" என்று எழுதினேன். எனக்கே கூசியது. அழித்துவிட்டு, வந்ததை எழுதினேன்: "நீங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்பதே மறந்துவிட்டது. போனை வைத்ததும் இங்கே பேச ஆளில்லை. உங்களை ரொம்பப் பிடிக்கும். அது மட்டும் போதவில்லை."

போடுவதற்கு முன் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. 'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு அழைத்தார்.

"இதப் போடாத."

"ஏங்க, பொய்யா?"

"பொய்யா இருந்தா போட்றலாம். எங்கம்மா பாப்பாங்க, உங்கப்பா பாப்பாரு. ஏதாச்சும் பிரச்சனையான்னு ஆளாளுக்குப் போன் பண்ணுவாங்க."

"பிரச்சனை இல்லீங்களா?"

"மேல சாதாரணமா ஒரு வரி போடு. நடுவுல இடம் விட்டு, நீ எழுதுனதக் கீழ வை. 'மோர்'னு வர்ற பட்டன அமுக்குனாத்தான் தெரியும். யாரும் அமுக்க மாட்டாங்க" என்றார்.

மேல் வரியை அவர் சொல்ல நான் அடித்தேன்: "இன்னொரு வருடம். இன்னும் நீங்கள்தான்." 'இன்னும்' வேண்டாம் என்றார். உடனே, இருக்கட்டும் என்றார். அவரை டேக் செய்து போட்டேன்.

மத்தியானத்துக்குள் லைக்குகள் குவிந்தன. வாழ்த்துகள், கேக் படங்கள், "சூப்பர் ஜோடி". கீழே இறங்கிப் படித்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மறுபடி அழைத்தார்.

"நீ உண்மைய எழுதிட்ட. நானும் ஒண்ணு சொல்லணும். படத்துல எனக்குப் பின்னாடி இருக்கிற சுவர் நம்ம வீடு இல்ல."

"அப்புறம்?"

"வீட்டக் காலி பண்ணிட்டேன். அங்க தனியா இருக்க முடியல. காலேஜ் குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம். உங்கிட்டச் சொன்னா, திரும்பி வர இடமே இல்லன்னு நினைப்பியோன்னு..."

தினமும் பேசியிருக்கிறோம். சுவரை நான் கவனித்ததே இல்லை.

"என் பாத்திரமெல்லாம்?" என்றேன்.

"எங்கம்மா வீட்ல, அட்டைப்பெட்டில இருக்கு."

அவர் அழும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். என்னாலும் அழ மட்டும்தான் முடிந்தது. இருவரும் போனை வைக்கவில்லை.