பதில் வராத மாதங்களில் எழுதிய கொப்பி

பதினொரு வருடங்கள் நான் ஒரு ஏஜென்சிக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில், கவுன்சிலில் வீடு கேட்டு வந்த தாய்க்கும் அதிகாரிக்கும் நடுவில் இருந்து, அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொல்வதுதான் என் தொழில். ஒரு குளிர்காலத்தில் அந்த ஏஜென்சியின் ஒப்பந்தம் வேறொரு கம்பனிக்குப் போய்விட்டது. புதிதாக வந்தவர்கள் அநேகமாக எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டார்கள். கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை கூப்பிடப்பட்ட எனக்கு ஒன்று இரண்டு வந்தது. பிறகு அதுவும் நின்றது.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில் வீடு. கணவர் பஸ் ஓட்டுகிறார். மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இனி ஏஜென்சியை நம்பி இருக்க ஏலாது, சொலிசிட்டர் அலுவலகங்களுக்கு நேரடியாகவே எழுதுவோம் என்று முடிவெடுத்தேன். குடிவரவு வழக்கும் குடும்ப வழக்கும் செய்கிற சின்னச் சின்ன அலுவலகங்கள் தெற்கு லண்டனில் நிறைய உண்டு. என்னிடம் டிப்ளோமா இருந்தது, அனுபவம் இருந்தது. ஒரு மாதத்தில் யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

நாலு பந்தியில் ஒரு மின்னஞ்சல் எழுதி, சான்றிதழ்களை இணைத்து, ஒவ்வொரு நாளும் ஐந்து ஆறு இடங்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. மறுப்புக்கூட வரவில்லை. கதவைத் தட்டினால் உள்ளே இருந்து ‘போ’ என்று ஒரு சத்தமாவது வரவேண்டும் அல்லவா. இங்கே கதவே இல்லாத மாதிரி இருந்தது.

“இண்டைக்கு ஏதும் வந்ததோ?” என்று கணவர் வேலையால் வந்ததும் கேட்பார்.

“இல்லை.”

“நாளைக்கு வரும், பாரும்.”

இரண்டு மாதம் போன பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். கேட்பதைவிட அது அதிகம் வலித்தது.

காலையில் கொம்பியூட்டரைத் திறக்கவே கை வராத நாட்கள் வந்தன. மற்றவர்களுக்காகப் பேசிப் பேசியே வாழ்ந்தவள் நான். ஒரு வார்த்தை பிழையானால் ஒருவருடைய மருந்து பிழையாகிவிடும் என்ற கவனத்தோடு வேலை செய்தவள். இப்போது என் ஆங்கிலத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அனுப்பிய கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பிழை தேடினேன். ஒரு பிழையும் இல்லாதபோது இன்னும் பயமாக இருந்தது. பிழை எழுத்தில் இல்லையென்றால் என்னில்தானே இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

வடக்கு லண்டனில், ஹரோவில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கியவள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நாங்களும் அந்தப் பக்கம் குடியிருந்தோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலில் காத்திருந்து பழகினோம். பல் டொக்டர்மாருக்குச் சாமான் விற்கிற கம்பனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் அவளுடைய வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அவள் சமாதானம் சொல்லவில்லை. “அக்கா, நீங்க வந்த பதிலை மட்டும்தான் எண்ணிக்கிட்டு இருக்கீங்க. அது உங்க கையில இல்ல. நான் நாள் முழுக்க போன் பண்ணுவேன். பாதிப் பேரு எடுக்கவே மாட்டாங்க. பதிலை எண்ணினா நான் என்னைக்கோ வேலையை விட்டிருப்பேன்” என்றாள்.

“அப்ப நீர் எதை எண்ணுறனீர்?”

“அன்னைக்கு என்ன ஒண்ணு முன்னுக்கு நகர்ந்துச்சுன்னு எழுதுவேன். சரியான ஆளோட பேரு கிடைச்சா அது ஒண்ணு. வேணாம்னு ஒருத்தர் பதில் போட்டாலும் அது ஒண்ணு, அங்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருச்சு இல்ல. எழுதினதைச் சின்னதாக்கினா அது ஒண்ணு. தினம் ஒரு வரி. வெள்ளிக்கிழமை உக்காந்து முழுசாப் படிங்க.”

என் மின்னஞ்சலையும் வாங்கிப் பார்த்தாள். “இவ்வளவு நீளத்தை வக்கீல் எவரும் படிக்க மாட்டாங்க அக்கா” என்றாள்.

மகள் பாதியில் விட்டுப்போன ஒரு கொப்பியை எடுத்தேன். ‘சின்ன வெற்றிகள்’ என்று மேலே எழுதச் சொல்லியிருந்தாள் சிநேகிதி. எனக்கு அந்தச் சொல்லை எழுத வெட்கமாக இருந்தது. ‘இன்று நடந்தது’ என்று மட்டும் எழுதினேன்.

முதல் கிழமை எழுதியவை இன்னும் நினைவிருக்கின்றன. ‘மின்னஞ்சலை நாலு பந்தியிலிருந்து ஆறு வரியாக்கினேன்.’ ‘டூட்டிங்கில் ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்கிறவர் யார் என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் பெயரைச் சொன்னா.’ ‘எங்களிடம் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார் என்று ஒரு பதில். பத்துக் கிழமையில் முதல் பதில்.’

அந்த மறுப்பை எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாதக்கணக்கில் சிரிக்காதவள் வேண்டாம் என்ற ஒரு கடிதத்துக்குச் சிரித்தேன். காலையில் எழும்ப முடிந்தது. மனம் ஒரேயடியாக மாறவில்லை. ஆனால் இரவில் படுக்கும்போது, இன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாதபடி ஒரு வரி இருந்தது.

கெடுத்தது நான்தான். ஒருநாள் கணவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, “இது நல்ல வேலையல்லோ” என்று சந்தோசப்பட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் வாங்கி வாசிப்பார். அவருடைய முகம் தெளிவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஒன்றும் நகராத நாளில் வெறுங்கையோடு அவருக்கு முன்னால் இருக்க மனம் வரவில்லை. ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்று கணினி தானாக அனுப்பிய பதிலை, ‘விம்பிள்டன் அலுவலகம் பதில் போட்டது’ என்று எழுதினேன். அடுத்த கிழமை, ‘அவர்களுக்கு விருப்பம் போலத் தெரிகிறது.’ அதற்கடுத்த கிழமை, ‘கெதியில் கூப்பிடுவார்கள்.’

அந்தக் கிழமைகளில் நான் எந்த அலுவலகத்துக்கும் ஒரு போன்கூட எடுக்கவில்லை. எழுதுவதே வேலையாகிவிட்டது.

பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கீழே சாப்பாட்டுக்கு நின்றபோது கணவரின் தங்கை என்னைக் கட்டிப்பிடித்தா.

“ஏன் மச்சாள் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? சொலிசிட்டர் ஒஃபிசிலை வேலை கிடைச்சிட்டுதாம், அண்ணை சொன்னவர். நான் முருகனுக்கு அரிச்சனையும் செய்துபோட்டன்.”

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாழ்த்துச் சொன்னார். நான் “ஓம்” என்றேன். கையிலிருந்த தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. இரண்டு ஸ்டேசன் தாண்டின. பிறகு சொன்னேன்.

“விம்பிள்டனிலையிருந்து ஒருத்தரும் எழுதேல்லை.”

“என்ன?”

“அது தானா வாற பதில். மிச்சம் எல்லாம் நான் எழுதினது. பொய்.”

அவர் எதிரே ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். “எனக்கு ஏன் பொய் சொன்னனீர்?” என்று மெல்லத்தான் கேட்டார்.

“நீங்கள் வாசிக்கிறியள் எண்டுதான்.”

கொலியர்ஸ் வூட்டில் இறங்கிப் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தபோது, “இனி நான் அந்தக் கொப்பியைத் தொடமாட்டன். தங்கச்சிக்கு நான் சொல்லுறன்” என்றார். அவர் அதை எப்படிச் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவருடைய தங்கை சில மாதங்கள் எங்களுடைய வீட்டுக்கு வரவில்லை.

அடுத்த நாள் அந்தப் பொய் வரிகளை எல்லாம் பேனையால் வெட்டினேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை. வெட்டிய பிறகு மிஞ்சியதை முதலிலிருந்து வாசித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பொதுவான மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பிய எதற்கும் ஒரு வரியும் இல்லை. போன் எடுத்துப் பெயர் கேட்டு, அந்தப் பெயருக்கு எழுதியவற்றில்தான் ஏதோ ஒன்று நகர்ந்திருந்தது. மறுப்பு வந்ததும் அப்படி எழுதிய ஓர் இடத்திலிருந்துதான். ஆனால் போன் எடுப்பதுதான் எனக்கு மிகவும் பயமான வேலை. அதனால் வரவரக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். தலைக்குள் வைத்துக்கொண்டிருந்தால் இது எனக்குத் தெரியவே வந்திராது.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு போன். பெயர் கிடைத்தால் அவருக்கு ஆறு வரி. பத்து நாளில் ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்தல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை விட்டுவிடுவது. ஒன்றும் நடக்காத நாளில் ‘இரண்டு போன் எடுத்தேன்’ என்று மட்டும் எழுதினேன். சில நாட்களில் ‘ஒரு போன் எடுத்தேன், மற்றதுக்குத் துணிவு வரவில்லை’ என்று எழுதினேன். அதையும் எழுதலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்தேன்.

பெயர் தந்த டூட்டிங் அலுவலகத்துக்கும் ஞாபகக் கடிதம் ஒன்று போட்டிருந்தேன். வைகாசி மாதத்தில் ஒரு காலை, பத்து மணிபோல, அந்த வழக்கறிஞரே போன் எடுத்தா. வழமையாக வருகிற மொழிபெயர்ப்பாளருக்குச் சுகமில்லை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார், உடனே வர முடியுமா என்று கேட்டா. நான் சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

உள்ளே என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு மணி நேரம். முதல் வசனத்தைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. மூன்றாவது வசனத்தில் நடுக்கம் நின்றது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் இருந்தபோது, நான் இந்த வேலையை மறக்கவில்லை என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அது நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஐந்து கிழமை யாரும் கூப்பிடவில்லை. முந்தியதைவிட அந்த ஐந்து கிழமையும் கடினமாக இருந்தன. ஒருதடவை கிடைத்த பிறகு வருகிற மௌனம் நேராக நெஞ்சில் வந்து இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூட முற்றத்தில் நிற்பதற்கு, கணவர் எனக்கு ஒரு மழைச்சட்டை வாங்கிவந்தார்.

இப்போது இரண்டு அலுவலகங்கள் என்னைக் கூப்பிடுகின்றன. ஒன்று அடிக்கடி, மற்றது எப்போதாவது. பள்ளிக்கூட வேலையை விடும் அளவுக்கு இன்னும் வரவில்லை. கொப்பி முடிந்து வேறொன்று வாங்கினேன். போன கிழமை குரொய்டனில் ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். நான் வசனத்தை முடிக்கும் முன்னே வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். பிறகு அடுத்த இலக்கத்தை அழுத்தினேன்.